ரீஃபர்பிஷ்டு லேப்டாப்: காலையில் மட்டும் கறுப்புத் திரை. திருப்பிக் கொடுக்கும் முன் எதையெல்லாம் சோதிப்பது?

அல்சூர்வாசி | 9 ஆகஸ்ட் 2025, சனி, காலை 8:50

நேற்று மாலை எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கினேன். அலுவலகங்கள் கழித்துவிடும் வகை 14 அங்குல மாடல். எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., விலை 21,000 ரூபாய். பில்லில் கையால் "7 நாள் டெஸ்டிங்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாவது நாள் ஆகஸ்ட் 15, அன்று கடை விடுமுறை. ஆக, வியாழனுக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

கடையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், குறை எதுவும் தெரியவில்லை. இன்று காலை பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சற்றுச் சுழன்று நின்றது, திரை கறுப்பாகவே இருந்தது. தயாரிப்பாளரின் லோகோகூட வரவில்லை. இரண்டு நிமிடம் காத்திருந்து, பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் எதுவும் நடக்காததுபோல் விண்டோஸ் வந்துவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை ஷட் டவுன் செய்துவிட்டுப் போட்டாலும் சரியாக வருகிறது.

கடைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். "விண்டோஸ் அப்டேட் போடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார். இன்று முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். எந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்தால் கோளாறு மறுக்க முடியாதபடி வெளியே வரும்?

விவேக்நகர் 47 | சனி, காலை 9:15

ஈவென்ட் வியூவரைத் திறந்து System பதிவில் Kernel-Power 41 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோளாறு, இல்லையென்றால் லேப்டாப் நன்றாக இருக்கிறது, வீண் பயம் வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். பாதி கறுப்புத் திரைகளுக்கு அதுதான் காரணம்.

அல்சூர்வாசி | சனி, காலை 9:40

பார்த்தேன். 41 ஒன்றுகூட இல்லை. அப்படியானால் காலையில் நான் கண்டது என்ன?

பட்டறை அக்கா | சனி, காலை 10:20

ஸ்ரீராமபுரத்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வகைப் பழைய அலுவலக மாடல்கள்தான் என் மேசைக்கு மிகுதியாக வருகின்றன.

41 இல்லாததை வைத்து லேப்டாப்புக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள், தம்பி. அந்தப் பதிவை எழுதுவது விண்டோஸ். முந்தைய ஓட்டம் முறையாக முடியவில்லை என்று தெரிந்தால், அடுத்த முறை எழும்போது அது 41 என்று குறித்துக்கொள்ளும். நேற்று இரவு நீங்கள் ஒழுங்காக ஷட் டவுன் செய்திருப்பீர்கள். காலையில் லோகோ வருவதற்கு முன்பே இயந்திரம் நின்றுவிட்டது. விண்டோஸ் எழவே இல்லை, அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் பதிவும் இல்லை. லோகோவுக்கு முந்தைய கோளாறுக்கு விண்டோஸுக்குள் தடயம் தேடிப் பயனில்லை. விண்டோஸ் அப்டேட் அதைத் தொடவும் தொடாது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பற்றி விவேக்நகர் சொன்னது பாதி சரி. அது இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல. விண்டோஸின் உட்பகுதியை வட்டில் சேமித்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்துப் போடும். டாஸ்க் மேனேஜரில் Performance பக்கத்தில் CPU-வின் கீழ் Up time பாருங்கள். இரவெல்லாம் அணைந்திருந்த லேப்டாப்பில் அது நேற்றிலிருந்து தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்கிறது என்று பொருள். டிரைவர் கோளாறுகளை அது மறைத்துவிடும். ஆனால் அந்த நிலையிலும் ரேமுக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது, பொத்தானை அழுத்தியதும் பயாஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்தே சோதித்துத்தான் எழுப்பும். எனவே உங்கள் காலைக் கறுப்புத் திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இருந்தாலும் இன்றைய சோதனைகளுக்கு ஒவ்வொரு முறையும் முழுதாக அணைப்பதே நல்லது. கட்டளைச் சாளரத்தில் இதைக் கொடுங்கள்:

```
shutdown /s /t 0
```

மாட்டுங்கா மாமி | சனி, காலை 10:45

மும்பையிலிருந்து எழுதுகிறேன். என் மருமகனுக்கு லேமிங்டன் ரோட்டில் வாங்கியதிலும் இப்படித்தான் முதல் நாளே தகராறு. இணையத்தில் இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் போட்டு, அலுவலக மின்னஞ்சலைக் கொடுங்கள் என்று கேட்டது. எத்தனை முறை அழித்து விண்டோஸ் போட்டாலும் அதே திரைதான். நீங்களும் அதைப் பாருங்கள்.

பட்டறை அக்கா | சனி, காலை 10:55

மாமி, அது வேறு சங்கதி. பழைய கம்பெனி தன் கணக்கிலிருந்து அந்த இயந்திரத்தை விடுவிக்கவில்லை என்று பொருள். கோளாறு அல்ல, ஆனாலும் திருப்பிக் கொடுக்கப் போதுமான காரணம். முதல் நாள் ஒரு முறையாவது இணையத்தில் இணைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது சரிதான். தம்பியின் சிக்கல் அதற்கும் முன்னால் இருக்கிறது.

அல்சூர்வாசி | சனி, காலை 11:10

இணையத்தில் இணைத்துவிட்டேன், அப்படி எதுவும் கேட்கவில்லை. Up time நீங்கள் சொன்னதுபோலவே நேற்றிலிருந்து ஓடுகிறது.

என் கேள்வியைக் கூர்மையாக்கிக்கொள்கிறேன். காலையில் மட்டும் வந்து பகலில் ஒளிந்துகொள்ளும் கோளாறு எது? அதைக் கடைக்காரர் கண்முன் வரவழைப்பது எப்படி? திங்கள் காலை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் நன்றாகவே எழும். "நீங்கள் சொல்வதுபோல் எதுவும் இல்லையே" என்பார். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

பட்டறை அக்கா | சனி, மதியம் 12:30

கடையில் நீங்கள் பார்த்தது ஏற்கெனவே சூடேறிய இயந்திரம். வாடிக்கையாளர் வரும்முன் ஒரு முறை போட்டு எடுத்திருப்பார்கள். அதில் ஏமாற்று இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நாள் முழுக்க மேசையில் ஓடிக்கொண்டே இருப்பதுதான். குளிர்ந்த இயந்திரத்தை அவர்களே பார்த்திருக்க மாட்டார்கள்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் நடக்கும் வேலைகளில் ஒன்று ரேமைக் கண்டுபிடித்து, அதோடு எந்த வேகத்தில், எந்த நேர இடைவெளியில் பேசுவது என்று ஒத்திசைத்துக்கொள்வது. அது முடிந்த பிறகுதான் திரையில் லோகோ. ரேம் செருகியிருக்கும் இடத்தில் அழுக்கோ, ஸ்லாட்டின் கால்களில் மயிரிழை அளவு சால்டர் விரிசலோ இருந்தால், குளிர்ந்த நிலையில் தொடர்பு விட்டுப்போகும். ஒரு நிமிடம் மின்சாரம் ஓடிச் சற்றுச் சூடேறினால் உலோகம் விரிந்து தொடர்பு ஒட்டிக்கொள்ளும். முதல் முறை கறுப்பு, இரண்டாம் முறை சரி என்பதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். மதர்போர்டின் மின்சுற்றில் ஒரு மின்தேக்கி தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி வரலாம். உறுதியாகச் சொல்லக் கழற்றிப் பார்க்க வேண்டும். நீங்கள் கழற்றாதீர்கள். அடியில் ஏதாவது ஒரு திருகின் மேல் கடையின் ஸ்டிக்கர் இருக்கும். அது கிழிந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உங்களுக்குத் தேவை நோயின் பெயர் அல்ல, நோய் இருக்கிறது என்ற சான்று. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். பகலில் சூடேற்றும் சோதனைகள். இரவு முழு ஷட் டவுன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எஞ்சிய மின்சாரம் வடிய பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காலையில் கைப்பேசியில் காணொளி ஓடவிட்டுக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். அடியில் இருக்கும் வரிசை எண், கைப்பேசியில் தேதி, பிறகு விளக்கு மினுக்கும் முறை, மூன்றும் ஒரே காணொளியில் வெட்டில்லாமல் வர வேண்டும். விளக்கு வெறுமனே எரிகிறதா, நிறம் மாறி எண்ணிக்கையோடு மினுக்குகிறதா என்று கவனியுங்கள். அலுவலக மாடல்களில் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு.

முதலாமாண்டு | சனி, மதியம் 1:05

காலைவரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் இப்போதே தெரிந்துவிடுமே.

பட்டறை அக்கா | சனி, மதியம் 1:12

வேண்டவே வேண்டாம். குளிர்ந்த பலகையை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் அதன் மேல் நீர்த்துளியாகப் படியும். ஆகஸ்டில் பெங்களூருக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரத்தோடு பொத்தானை அழுத்தினால் இல்லாத கோளாறும் வந்து சேரும், அது உங்களால் வந்த கோளாறாகவும் ஆகிவிடும். மேசை விசிறியின் முன் சில மணி நேரம் வைக்கலாம், அது போதும்.

அல்சூர்வாசி | சனி, மாலை 5:30

சூடேற்றும் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. OCCT வைத்துச் செயலிக்கு முழுச்சுமை கொடுத்திருக்கிறேன், பக்கத்தில் HWiNFO. சில நிமிடங்களிலேயே 97 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. வேகம் குறைந்துவிட்டது. ஆனால் அணையவில்லை, நீலத் திரையும் இல்லை.

விவேக்நகர் 47 | சனி, மாலை 5:42

97 டிகிரியா! இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? நாளைக்கே திருப்பிக் கொடுங்கள்.

பட்டறை அக்கா | சனி, மாலை 6:15

இந்தச் செயலிகளுக்கு உச்ச வரம்பே 100 டிகிரி. அதை நெருங்கினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். மெல்லிய அலுவலக மாடலில் முழுச்சுமையில் 97 என்பது விசிறியில் தூசி, பேஸ்ட் உலர்ந்துபோனது என்ற அளவில்தான். சுத்தம் செய்து தரச் சொல்லலாம். இதை வைத்து வாதாடினால் உங்கள் உண்மையான புகாரும் வலுவிழக்கும். சுமையின்போது முன்னறிவிப்பின்றி அணைந்தாலோ, நீலத் திரை வந்தாலோ, OCCT பிழை எண்ணினாலோ, அதுதான் கோளாறு.

சுமையைவிட முக்கியமான ஒன்றைப் பலர் விட்டுவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்துச் சூடு தணியும் முன்பே ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு முறையோடு நிறுத்தாமல் அடுத்தடுத்துச் சில முறை. சில எஸ்.எஸ்.டி.கள் சூடேறியதும் காணாமல் போகும். ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது, ரீஸ்டார்ட் செய்ததும் "No bootable device" என்று வரும். பத்து நிமிடம் ஆறவிட்டால் திரும்ப வந்துவிடும். உங்களுடைய ரேம் சந்தேகத்துக்கு நேர் எதிரான கோளாறு இது, குளிரில் நன்றாக இருந்து சூட்டில் படுக்கும். இந்த ரீஸ்டார்ட்டைச் செய்யாவிட்டால் வெயில் காலத்தில்தான் தெரியவரும்.

அல்சூர்வாசி | சனி, இரவு 9:50

சூட்டோடு ரீஸ்டார்ட் செய்தேன், ஒவ்வொரு முறையும் எழுந்தது. CrystalDiskInfo பார்த்தேன். எஸ்.எஸ்.டி. ஓடிய நேரம் மிகக் குறைவு, கடைக்காரர் புதிதாகப் போட்டிருக்கிறார். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த இயந்திரம் முன்பு எத்தனை முறை திடீரென அணைந்தது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது அல்லவா?

மாலையிலிருந்து ஓடும் MemTest86 இப்போதுதான் முடிந்தது, நான்கு சுற்றும். பிழை பூஜ்யம். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ரேம் நன்றாக இருக்கிறது என்றல்லவா சொல்கிறது?

பட்டறை அக்கா | சனி, இரவு 10:20

எஸ்.எஸ்.டி. பற்றி நீங்கள் சொன்னது சரி. Unsafe Shutdowns என்ற எண் அந்த எஸ்.எஸ்.டி.யின் வரலாறுதான், லேப்டாப்பின் வரலாறு அல்ல. விண்டோஸும் புதிதாகப் போட்டது, அதன் பதிவுகளும் நேற்றிலிருந்துதான் தொடங்கும். பழைய கதை எஞ்சியிருக்க வாய்ப்புள்ள இடம் பயாஸ். சில தயாரிப்பாளர்கள் அதில் வெப்பம், மின்சாரம் தொடர்பான நிகழ்வுகளைத் தனியாகப் பதிந்து வைக்கிறார்கள், வட்டை மாற்றினாலும் அது அழியாது. டெல் லாட்டிட்யூட் வரிசையில் System Logs என்ற பெயரில் இருக்கும். உங்கள் மாடலில் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். காலியாக இருந்தால் அழித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம்.

MemTest86 விஷயம். அந்தச் சோதனை தொடங்குகிறது என்றாலே ஒத்திசைவு முடிந்து, ரேம் பிடிபட்டு, லோகோவும் வந்துவிட்டது என்று பொருள். மூடிய கதவைத் தாண்டி உள்ளே வந்தவரிடம் கதவு திறக்கிறதா என்று கேட்பது போன்றது அது. ரேம் சிப்பில் கெட்ட இடம் இருந்தால் கண்டுபிடிக்கும், குளிர்ந்த தொடர்பைக் கண்டுபிடிக்காது. ஒரு பிழை வந்திருந்தாலும் அதோடு திருப்பிக் கொடுக்கலாம். பிழை வராததற்கு அவ்வளவு மதிப்பு கிடையாது.

இப்போது அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அல்சூர்வாசி | 10 ஆகஸ்ட், ஞாயிறு, காலை 6:35

வந்துவிட்டது. முழுதும் காணொளியில் இருக்கிறது.

இந்த முறை விளக்கைக் கவனித்தேன். இரண்டு நிறத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்கி, நின்று, அதையே திரும்பச் செய்கிறது. தயாரிப்பாளரின் தளத்தில் இந்த மாடலுக்கான சேவைக் கையேட்டில் அந்த வரிசைக்கு நேரே ரேம் கண்டறியப்படவில்லை என்றே எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது அழுத்தத்தில் நேற்றுப் போலவே எழுந்தது.

கோளாறு வந்ததில் இவ்வளவு மகிழ்ச்சி வரும் என்று நினைக்கவில்லை. நேற்று முழுக்க, எல்லாம் என் கற்பனையோ என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தது.

ஓய்வுபெற்றவர் | ஞாயிறு, காலை 9:00

நான் கணினிக்காரன் அல்ல, நுகர்வோர் வழக்குகளில் சிலருக்கு உதவியிருக்கிறேன். பில்லை இன்னொரு முறை பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கீழே அச்சிட்டிருந்தால் தயங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-இல், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்றே இருக்கிறது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள். உங்கள் பில்லில் 7 நாள் என்று இருப்பதால் அந்த 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்ததற்குச் சான்று வேண்டும். இன்றைக்கே அந்தக் காணொளியை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிவிடுங்கள், கடை மூடியிருந்தாலும் தேதி பதிவாகிவிடும். பேச்சு முறிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அல்சூர்வாசி | ஞாயிறு, காலை 9:20

அனுப்பிவிட்டேன் ஐயா. பில்லில் நீங்கள் சொன்ன அதே வரி அச்சிட்டிருக்கிறது, அதன் மேலேயே கையால் 7 நாள்.

அல்சூர்வாசி | 11 ஆகஸ்ட், திங்கள், மதியம் 2:40

கடையிலிருந்து எழுதுகிறேன். காணொளியைப் பார்த்ததும் மறுபேச்சில்லை. பையன் ஒருவர் அடிமூடியைக் கழற்றி, இரண்டு ரேமையும் எடுத்து, பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். போட்டதும் எழுந்தது. "முடிந்தது, எடுத்துப் போங்கள்" என்கிறார்கள். எடுத்துப் போகலாமா?

பட்டறை அக்கா | திங்கள், மதியம் 2:48

போகாதீர்கள். இப்போது எழுந்ததற்குப் பொருளே இல்லை, நேற்றும் இரண்டாவது அழுத்தத்தில் எழுந்ததுதானே. அழுக்கு என்றால் ரப்பர் தேய்ப்பு போதும், கோளாறு திரும்ப வராது. ஸ்லாட்டில் விரிசல் என்றால் செருகிய அழுத்தத்தில் சில நாள் நன்றாக இருக்கும், உங்கள் 7 நாள் முடிந்த பிறகு திரும்பும். இரண்டையும் பிரிப்பது ஒரு குளிர்ந்த இரவு மட்டுமே. லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு, நாளை கடை திறந்ததும் உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். இரண்டு ரேமையும் இடம் மாற்றிப் போட்டு வைக்கட்டும். பில்லில் புதுத் தேதி எழுதி வாங்குங்கள்.

விவேக்நகர் 47 | திங்கள், மாலை 4:00

இவ்வளவு இழுக்க வேண்டுமா? நானென்றால் ஒரு ரேமைக் கழற்றிவிட்டு 8 ஜி.பி.யோடு ஓட்டுவேன்.

பட்டறை அக்கா | திங்கள், மாலை 4:20

உங்கள் சொந்த லேப்டாப்பென்றால் தாராளமாக. முதல் வாரத்தில், முழு விலை கொடுத்தவர் பாதி ரேமோடு ஏன் சமாதானமாக வேண்டும்?

அல்சூர்வாசி | 12 ஆகஸ்ட், செவ்வாய், மதியம் 12:15

இன்று காலை கடைக்காரரே பொத்தானை அழுத்தினார். கறுப்பு. அதே மினுக்கல். ரேம்கள் இடம் மாறியிருந்தும் அதேதான். பையன் ஒவ்வொரு ஸ்லாட்டாக ஒற்றை ரேமை வைத்துப் பார்க்க முயன்றார், ஆனால் அதற்குள் இயந்திரம் சூடேறி எல்லாமே எழத் தொடங்கிவிட்டது. ஆக, எந்த ஸ்லாட், அல்லது ஸ்லாட்தானா என்பதுகூடத் தெரியவில்லை. அவர்களுக்கும் அலுத்துவிட்டது. அதே மாடலில் இன்னொன்று கொடுத்து, பில்லில் இன்றிலிருந்து 7 நாள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டாவதை இன்றே முதலிலிருந்து சோதிக்கப் போகிறேன்.

பட்டறை அக்கா | செவ்வாய், மதியம் 1:00

முன்பு சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி 60 சதவீதம் அளவில் இருக்கும்போது முழுச்சுமை கொடுத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். பிறகு செருகுங்கள், மறுபடி பிடுங்குங்கள். அதையடுத்து மூடியை மூடித் தூங்கவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் திறங்கள், சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும். மின்சாரம் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு மாறும் கணம்தான் பழைய மதர்போர்டுகளுக்குக் கண்டம்.

அல்சூர்வாசி | செவ்வாய், இரவு 8:30

சும்மா இருக்கும்போது சார்ஜரைப் பிடுங்கினால் ஒன்றுமில்லை. முழுச்சுமையில், 58 சதவீதத்தில் பிடுங்கியதும் பட்டென்று அணைந்தது. நீலத் திரை எதுவும் இல்லை. மறுபடி போட்டதும் இந்த முறை 41 இருக்கிறது. Details பகுதியில் BugcheckCode 0.

`powercfg /batteryreport` எடுத்துப் பார்த்தால் பேட்டரி ஏறக்குறையப் புதிது என்கிறது. முழுக் கொள்ளளவு வடிவமைத்த கொள்ளளவுக்கு மிக அருகில். Cycle count இடத்தில் எண்ணே இல்லை.

பட்டறை அக்கா | செவ்வாய், இரவு 9:10

அந்த பூஜ்யம்தான் பேசுகிறது. விண்டோஸ் தானே விழுந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு எண் இருக்கும், பதின்ம முறையில். வன்பொருள் பிழையில் விழுந்திருந்தால் 292 இருக்கும், அதுதான் நீலத் திரையில் நாம் பார்க்கும் 0x124. பூஜ்யம் என்றால் விண்டோஸுக்குக் குறிப்பெழுதக்கூட நேரமில்லை, மின்சாரமே போய்விட்டது.

சும்மா இருக்கும்போது தாங்கி, சுமையில் மட்டும் விழுவதால் பேட்டரியின் மேல்தான் என் சந்தேகம். தேய்ந்த செல் திடீரென்று மிகுந்த மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தத்தைத் தாழவிட்டுவிடும். அறிக்கை அழகாக இருப்பதை நம்ப வேண்டாம். உள்ளூரில் செல் மாற்றிய பேட்டரிகளிலும், வெளிச்சந்தைப் பேட்டரிகளிலும் அந்த எண்கள் கட்டுப்பாட்டுச் சிப் சொல்வதுதான், செல்லின் உண்மை நிலை அல்ல. வேறு பேட்டரி போட்டு இதே சோதனையைக் கடையிலேயே செய்து பாருங்கள். அப்போதும் விழுந்தால் மதர்போர்டு. அப்படியானால் இந்த இயந்திரமும் வேண்டாம்.

முதலாமாண்டு | செவ்வாய், இரவு 9:35

எனக்கும் ஒரு சந்தேகம். என் லேப்டாப்பில் System பதிவு முழுக்க 19 என்று இருக்கிறது. 19 என்றால் WHEA, திருத்திய செயலிப் பிழை என்று படித்தேன். செயலி போய்விட்டதா?

அல்சூர்வாசி | செவ்வாய், இரவு 9:50

தம்பி, Source என்ற பத்தியைப் பாருங்கள். WindowsUpdateClient என்றிருந்தால் அந்த 19 அப்டேட் நல்லபடியாக நிறுவப்பட்டது என்ற செய்தி. எண்ணை மட்டும் வைத்துத் தேடக் கூடாது. எழுதியவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்:

```
Get-WinEvent -FilterHashtable @{
  LogName='System'
  ProviderName='Microsoft-Windows-WHEA-Logger'
} | Format-List TimeCreated,Id,Message
```

ஒன்றுமில்லையென்றால் "No events were found" என்று சிவப்பு எழுத்தில் வரும். சிவப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம், இங்கே அது நல்ல செய்தி.

முதலாமாண்டு | செவ்வாய், இரவு 9:58

சிவப்பு வந்துவிட்டது. நன்றி அண்ணா!

அல்சூர்வாசி | 13 ஆகஸ்ட், புதன், இரவு 8:00

காலையில் குளிர்ந்த நிலையில் இரண்டாவது லேப்டாப் முதல் அழுத்தத்திலேயே எழுந்தது. பிறகு கடைக்குப் போய், அவர்கள் மேசையிலேயே சுமை கொடுத்துச் சார்ஜரைப் பிடுங்கினேன். அணைந்தது. கடைக்காரர் வாதாடவில்லை, வேறு பேட்டரி போட்டார். அதே சோதனை, இப்போது தாங்குகிறது. வீட்டுக்கு வந்து 60 சதவீதத்திலும் 35 சதவீதத்திலும் செய்தேன், மூடி திறந்தேன், எல்லாவற்றையும் தாங்குகிறது.

ஒன்றே ஒன்று மிச்சம். மேலே தம்பிக்குக் கொடுத்த அதே கட்டளையை என் இயந்திரத்தில் ஓட்டினால் சிவப்பு வரவில்லை. WHEA-Logger 17 சில இருக்கின்றன. PCI Express Root Port, திருத்திய பிழை என்கிறது. லேப்டாப் எங்கும் நிற்கவோ விழவோ இல்லை.

விவேக்நகர் 47 | புதன், இரவு 8:20

வன்பொருள் பிழை என்று இயந்திரமே எழுதிக் கொடுக்கிறது. மூன்றாவதைக் கேளுங்கள்.

பட்டறை அக்கா | புதன், இரவு 9:05

17 என்பது அனுப்பிய தகவல் பிசகி, திரும்ப அனுப்பிச் சரியானது என்ற குறிப்பு. வைஃபை கார்டோ எஸ்.எஸ்.டி.யோ மின்சிக்கனத்துக்காகத் தூங்கி எழும்போது இப்படி வருவதுண்டு. பவர் ஆப்ஷன்ஸில் PCI Express பிரிவில் Link State Power Management என்பதை Off செய்து ஒரு நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் அந்தச் சிக்கன ஏற்பாட்டோடு அந்தப் பாகத்துக்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவே. நானாக இருந்தால் அதோடு வைத்துக்கொள்வேன். நிற்காமல் நிமிடத்துக்கு நிமிடம் குவிந்தால், அல்லது 18 ஒன்று வந்தாலும், கொடுத்துவிடுவேன்.

விவேக்நகர் சொல்வதைத் தவறென்று தள்ளவும் மாட்டேன். உங்களுக்கு நாள் இருக்கிறது, 19-ஆம் தேதிவரை.

ஓய்வுபெற்றவர் | புதன், இரவு 9:30

அந்த 17-ஐயும் படம் எடுத்து இன்றே கடைக்கு அனுப்பிவிடுங்கள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம்.

அல்சூர்வாசி | 14 ஆகஸ்ட், வியாழன், இரவு 10:15

நேற்றிரவே அனுப்பினேன் ஐயா. Link State அணைத்த பிறகு இன்று பகல் முழுக்க வேலை செய்தேன். காலையில் இரண்டு 17, அதற்குப் பிறகு இல்லை. அந்த இரண்டும் ஏன் வந்தன என்று தெரியவில்லை. நாளை விடுமுறை. உபுண்டுவை யு.எஸ்.பி.யிலிருந்து எழுப்பி, அங்கேயும் இதே பிழை தலைகாட்டுகிறதா என்று `sudo dmesg | grep -i aer` கொடுத்துப் பார்க்கிறேன். அங்கேயும் வந்தால் திங்கள்கிழமை வைஃபை கார்டை மாற்றித் தரச் சொல்வேன்.

மாட்டுங்கா மாமி | வியாழன், இரவு 10:40

மருமகன் லேப்டாப்பிலும் இன்று சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். அணைந்துவிட்டது! வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

பட்டறை அக்கா | வியாழன், இரவு 10:52

எட்டு மாதம் என்றால் கடையிடம் கேட்டுப் பயனிருக்காது மாமி. மாடல் பெயரையும் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் எழுதுங்கள், எந்தப் பேட்டரி வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை சார்ஜரோடு மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஆடினாலோ, டச்பேட் மேலெழும்பி இருந்தாலோ உடனே அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிடுங்கள்.